எடை குறைந்தால் முழங்கால் வலி எவ்வளவு குறையும்? கனத்த உடலோடு பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

முழங்கால் வலி என்று போனால் "எடையைக் குறையுங்கள்" என்ற ஒரே வரியோடு அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு குறைக்க வேண்டும், குறைத்தால் வலி எந்த அளவுக்கு இறங்கும், நாலு அடி நடந்தாலே வலிக்கிறவர் எந்தப் பயிற்சியைச் செய்வது என்று யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அந்த மூன்றையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் ஓர் எல்லை. இங்கே பேசுவது மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலியைப் பற்றி. பெரும்பாலும் 45 வயதுக்கு மேல் வரும். நடக்கும்போதும் படி இறங்கும்போதும் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். கீழே விழுந்து அடிபட்ட முழங்காலுக்கோ, பல மூட்டுகள் ஒரே நேரத்தில் வீங்கி காலை விறைப்பு மணிக்கணக்கில் நீடிக்கும் வாத நோய்க்கோ இந்தக் கட்டுரை பொருந்தாது.

குறைகிற ஒரு கிலோ முழங்காலில் எவ்வளவு?

செயற்கை முழங்காலுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்து, அதைப் பொருத்தியவர்களை நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் உச்ச அழுத்தம் உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3 மடங்கைத் தாண்டுகிறது. இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. உடல் எடையோடு, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளின் இழுப்பும் சேர்ந்து அழுத்துவதால்தான் இவ்வளவு.

"ஒரு கிலோ குறைந்தால் முழங்காலுக்கு நாலு கிலோ குறையும்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வந்த எண். முழங்கால் தேய்மானம் உள்ள, எடை கூடிய 142 பேரின் நடையைப் பதிவு செய்து கணக்கிட்டார்கள். எடை குறைந்தவர்களுக்கு, ஒவ்வோர் அலகு எடைக்கும் அடிக்கு நான்கு அலகு அழுத்தம் குறைந்திருந்தது. முன்பு சொன்ன 2.6-க்கும் இந்த 4-க்கும் கணக்கிட்ட முறை வேறு. எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குறையும் எடையைப் போல் இரண்டரை முதல் நான்கு மடங்கு வரை முழங்காலுக்கு லாபம், அதுவும் ஒவ்வோர் அடிக்கும், என்று வைத்துக்கொண்டால் போதும்.

அழுத்தம் மட்டும்தான் காரணம் என்றால் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் எடை கூடியவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் அதிகமாக வருகிறது. கைவிரலால் யாரும் நடப்பதில்லையே! உடல் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை அது தொடர்ந்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது, அவை மூட்டின் உள்சவ்வையும் எட்டுகின்றன. கொழுப்பு குறையும்போது இதுவும் தணிகிறது.

சரி, வலி எவ்வளவு குறையும்?

கிலோவை விட்டுவிட்டு சதவீதத்தில் யோசியுங்கள். 70 கிலோ உள்ளவருக்கு 5 கிலோ பெரிய மாற்றம், 130 கிலோ உள்ளவருக்கு அது ஒரு தொடக்கம்தான்.

தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எல்லைக்கோடு 5 சதவீதம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வு, சுமார் 20 வாரங்களில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்தவர்களுக்கு அன்றாட வேலைகளில் உள்ள சிரமம் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது. வாரக் கணக்கில் அது உடல் எடையில் கால் சதவீதம். அதற்குக் குறைவாக இறங்கினால் பலனே இல்லை என்பதல்ல. பலன் கண்ணுக்குத் தெரியும்படி இருக்காது. இரண்டு கிலோ குறைத்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது கோடு 10 சதவீதம். 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 55 வயதுக்கு மேற்பட்ட 454 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதம் தொடர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு, ஒன்றுக்குப் பயிற்சி, இன்னொன்றுக்கு இரண்டும். இரண்டையும் செய்தவர்கள் சராசரியாக 10.6 கிலோ, அதாவது 11 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தார்கள். 20 புள்ளி அளவுகோலில் ஆறரையை ஒட்டி இருந்த அவர்களுடைய வலி 3.7-க்கு வந்தது. கிட்டத்தட்ட பாதி.

அதே ஆய்வில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பயிற்சி மட்டும் செய்த குழு 18 மாதத்தில் குறைத்தது 2 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஆனாலும் வலியில், உணவை மட்டும் குறைத்து 9 கிலோ இழந்த குழுவுக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிட்டார்கள். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. எடையைக் குறைப்பது உணவு. பயிற்சியை நம்பி எடை குறையும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அதே சமயம், எடை அசையாவிட்டாலும் பயிற்சியே வலியைக் குறைக்கிறது. ஆகவே "கொஞ்சம் எடை குறையட்டும், அப்புறம் பயிற்சி" என்று தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

20 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களுக்கு, 10 முதல் 20 சதவீதம் வரை குறைத்தவர்களைவிட இன்னும் கால் பங்கு வலி குறைந்திருந்தது. அறுவை சிகிச்சையோ மருந்தோ இல்லாமல் அந்த அளவுக்குப் போவது பலருக்குக் கடினம். செமாகுளுடைட் என்ற ஊசி மருந்தை, உடல் பருமனும் முழங்கால் வலியும் சேர்ந்துள்ள 407 பேரிடம் சோதித்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். 68 வாரங்களில் எடை சராசரியாக 13.7 சதவீதம் இறங்கியது, வலியும் போலி ஊசி போட்டவர்களைவிட நன்றாகவே குறைந்தது. மருத்துவர் பார்த்துத்தான் அது தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். மருந்தை நிறுத்தினால் எடை திரும்ப ஏறுவது சகஜம். பசி அடங்கி வேகமாக எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையும் என்பதால், கீழே வரும் பயிற்சிகள் அவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். தேய்ந்த குருத்தெலும்பு எடை குறைவதால் திரும்ப வளர்ந்துவிடாது. எக்ஸ்ரே படம் அப்படியேதான் இருக்கும். வலிதான் மாறும்.

ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்

விளக்கத்துக்காக: 54 வயதுப் பெண், உயரம் 155 செ.மீ., எடை 90 கிலோ. வலது முழங்காலில் இரண்டு வருடமாக வலி. படி இறங்கும்போது பத்துக்கு ஆறு, சமதரையில் பத்து நிமிடம் நடந்தால் நாலு.

அவருடைய முதல் இலக்கு 5 சதவீதம், அதாவது நாலரை கிலோ. 20 வாரத்தில் என்றால் வாரத்துக்குக் கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இது பயமுறுத்தாத வேகம். நடக்கையில் அடிக்கு அடி குறையும் அழுத்தம் 11 முதல் 18 கிலோ வரை. இரண்டாவது இலக்கு 81 கிலோ. அதற்கு ஒரு வருடம் ஆனாலும் தவறில்லை.

உணவைப் பற்றி இங்கே விரிவாகப் போகவில்லை. மூன்று விஷயங்கள் மட்டும். ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி குறைத்தால் இந்த வேகம் வந்துவிடும், பட்டினி தேவையில்லை. ஒவ்வொரு வேளையும் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருந்தால் தசை இழப்பு குறையும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உணவும் குறைந்து பயிற்சியும் கூடி, மருந்து மட்டும் பழைய அளவில் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

தொடங்கும் முன் மூன்று அளவு

ஒரு நோட்டில் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று எடை: வாரத்தில் ஒரே நாள், காலையில் கழிப்பறை போய் வந்தபின், எதுவும் சாப்பிடும் முன். தண்ணீரால் மட்டுமே எடை ஒரு கிலோ இரண்டு கிலோ ஏறி இறங்கும் என்பதால் தினமும் பார்ப்பது வீண் மனவேதனை. இரண்டு, வலி: "பொதுவாக எப்படி இருக்கிறது" என்று எழுதாமல் ஒரே ஒரு வேலைக்கு மதிப்பெண் போடுங்கள். நம் உதாரணத்தில் அது படி இறங்குவது, 6. மூன்று, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்பது. கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில வாரங்களில் முதலில் மாறும் எண் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

இந்த அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவர்: முழங்கால் சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருப்பது, முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ வராமல் போவது, கால் ஊன்றவே முடியாதது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்தை மீறிய மூச்சிரைப்போ வந்தால் முழங்கால் விஷயத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு இதயத்தைப் பார்க்க வேண்டும்.

நாற்காலிப் பயிற்சி: இதைத்தான் ஒழுங்காகக் கற்க வேண்டும்

எல்லாப் பயிற்சியிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உட்கார்ந்து எழுவதைத்தான் சொல்வேன். தொடையின் முன்பக்கத் தசை, பிட்டத் தசை இரண்டையும் ஒரே நேரத்தில் வலுவாக்கும். தினசரி வாழ்க்கையில் அதிகம் வலிக்கும் வேலையும் அதுதான்.

சக்கரமில்லாத, உங்கள் எடையைத் தாங்கும் உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் விரிந்து சறுக்கும். சாதாரண நாற்காலி 45 செ.மீ. உயரம் இருக்கும். வலி உள்ளவருக்கு அது தாழ்வு. அமுங்காத கெட்டித் தலையணையோ, மடித்த கனமான போர்வையோ வைத்து 52 முதல் 55 செ.மீ. வரை உயர்த்துங்கள். உயரம் கூடக் கூட முழங்கால் மடங்கும் கோணம் குறைகிறது, எழுவதற்குத் தேவையான விசையும் குறைகிறது. எடை கூடியவர்களுக்கு இந்தப் பத்து சென்டிமீட்டர்தான் பயிற்சி முடியும், முடியாது என்பதைத் தீர்மானிக்கிறது.

இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை இடுப்பளவு அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். வயிறு தொடையில் இடித்தால் பாதங்களை இன்னும் கொஞ்சம் அகட்டி, விரல்களை லேசாக வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் குனிந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். மூச்சை அடக்கி எழுந்தால் ரத்த அழுத்தம் ஏறும். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண்.

கண்ணாடி முன் செய்தால் இன்னொன்று தெரியும். எழும்போது இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரிகிறதா என்று பாருங்கள். முழங்கால் எப்போதும் அந்தப் பக்கத்து இரண்டாவது கால்விரலின் திசையில்தான் போக வேண்டும். சரிந்தால் இருக்கையை இன்னும் உயர்த்துங்கள். வலியில்லாத காலில் எடையைச் சாய்த்து எழும் பழக்கமும் பலருக்கு இருக்கும். நம் உதாரணப் பெண் வலது காலைக் காப்பாற்ற இடது பக்கம் சாய்வார், அப்படிச் செய்தால் வலது தொடைக்கு வேலையே இருக்காது.

முதல் வாரம் 6 முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 6 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். 10 முறை சுலபமானதும் எண்ணிக்கையைக் கூட்டாமல் தலையணையின் உயரத்தைக் குறைத்து, 6-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இதோடு வேறு இரண்டு போதும். கட்டிலில் மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து, மறுகாலின் தொடையை இறுக்கி, மடித்த முழங்காலின் உயரத்துக்கு நேராகத் தூக்கி ஐந்து எண்ணிக்கை வைத்து இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் 8. மேசை விளிம்பைப் பிடித்து நின்று ஒரு காலைப் பக்கவாட்டில் ஒரு சாண் தூக்கி இறக்குவது, அதுவும் 8. தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். கனத்த உடலோடு தரையிலிருந்து எழுவதே அந்த நாளின் மிகக் கடினமான பயிற்சியாகி, வலி அதனால் வந்ததா பயிற்சியால் வந்ததா என்று தெரியாமல் போகும்.

நடை

ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளில் மூன்று முறை நடப்பது முழங்காலுக்கு நல்லது. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் போதும். சமதரையாகத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைத் தொல்லைப்படுத்தும். எல்லாம் ஒழுங்காகப் போனால் வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு நடையிலும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். குதிகால் உயராத, பின்பக்கம் பிடிப்பான ஷூ போடுங்கள். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் தொடை வரை வரும் இறுக்கமான உள்ளாடை அணிந்து நடக்க வேண்டும். அற்ப விஷயமாகத் தோன்றும், ஆனால் முழங்காலால் அல்ல, இந்த எரிச்சலால் நடையை நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.

கைத்தடி பிடிக்கக் கூச்சப்பட வேண்டாம், பிடித்தால் சரியான கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில். பெரும்பாலோர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அப்போது உடல் அந்தக் கால் பக்கமே சாய்ந்து பாரம் கூடும். ஷூ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகையின் உயரத்தில் இருக்க வேண்டும். வலிக்கிற கால் முன்னே போகும்போது தடியும் கூடவே போக வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில்.

நடையே முடியாதவர்களுக்கு நீச்சல் குளம் நல்ல வழி. நீந்தத் தெரிய வேண்டியதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் பாரத்தில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீர் தாங்கிவிடும், நெஞ்சளவில் மூன்றில் இரண்டு பங்கு வரை. அங்கே முன்னும் பின்னும் நடந்தாலே பயிற்சி. நிலையான சைக்கிளும் நல்லது, ஒரு நிபந்தனையோடு: மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்துங்கள். பாதுகாப்பாக இருக்கும் என்று இருக்கையைத் தாழ்த்தி ஓட்டுகிறவர்களுக்குத்தான் முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி வருகிறது.

குதிக்கும் பயிற்சிகள், ஓட்டம், ஆழமாகக் குந்தி எழுவது, பயிற்சி என்று படி ஏறி இறங்குவது ஆகியவற்றை முதல் சில மாதங்கள் ஒதுக்கிவையுங்கள்.

வலித்தால் நிறுத்துவதா, தொடர்வதா?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். துளி வலி வந்ததும் "தேய்கிறது" என்று பயந்து படுத்துவிடுவார்கள், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முழங்காலை வீங்க வைப்பார்கள். பிசியோதெரபியில் பயன்படுத்தும் விதி எளிது. பயிற்சியின்போது வலி பத்துக்கு 2 வரை இருந்தால் கவலையில்லை. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 5-ஐத் தாண்டினால் அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். ஆனால் தீர்ப்பு சொல்வது அந்த நேரத்து வலி அல்ல, 24 மணி நேரத்துக்குப் பிறகு இருக்கும் வலி. மறுநாள் அதே நேரத்துக்குள் வலி உங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு சரி. திரும்பவில்லை என்றால் நேற்றையது அதிகம். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், முழுவதும் நிறுத்தாதீர்கள்.

தசை வலியை மூட்டு வலியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தொடைச் சதையில் இரண்டு பக்கமும் கனமாக, அழுத்தினால் நோகும்படி வந்து இரண்டு நாளில் போவது தசை. அது வரத்தான் செய்யும். மூட்டின் மடிப்பு ஓரத்தில் குத்துவதும், விறைப்பு கூடுவதும், வீக்கமும் மூட்டின் குரல். வீக்கத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. கட்டிலில் இரண்டு கால்களையும் நீட்டித் தளர்த்தி உட்கார்ந்து, முழங்கால் சில்லின் உள்பக்கம் இருக்கும் சிறு பள்ளத்தை இரண்டு காலிலும் ஒப்பிடுங்கள். வலிக்கிற காலில் அந்தப் பள்ளம் நேற்று இருந்து இன்று நிரம்பியிருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. முழங்காலைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் சில்லின் நடுவே அளவு நாடாவைச் சுற்றி அளந்து முந்தைய அளவோடு ஒப்பிடலாம்.

பயிற்சிக்காக வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதை நான் ஏற்பதில்லை. இந்த விதி முழுவதும் வலியைக் கேட்டு நடப்பது, அதன் வாயைக் கட்டிவிட்டால் அளவு தெரியாது. மருத்துவர் தினசரி எடுக்கச் சொன்ன மருந்து வேறு விஷயம், அதை நிறுத்த வேண்டாம்.

20 வாரம் எப்படிப் போகும்?

நம் உதாரணத்துக்கே திரும்புவோம். முதல் இரண்டு வாரம் உயர்த்திய நாற்காலியில் 6-ம் 6-ம், நாளுக்கு மூன்று ஐந்து நிமிட நடை. எடை ஒன்றரைக் கிலோ வேகமாக இறங்கும், அதில் பெரும்பங்கு தண்ணீர். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாம் நான்காம் வாரங்களில் எடை நின்றதுபோல் இருக்கும், ஆனால் எழுவது சுலபமாகும். வலியில் வரும் முதல் மாற்றம் பயிற்சியால் வருவது.

ஐந்தாம் வாரத்தில் ஒரு விசேஷம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க நின்று, பலமுறை படி ஏறி இறங்கி, மறுநாள் முழங்கால் வீங்கி வலி 7. இது நடக்கும், பயிற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று நாள் நடையைப் பாதியாக்கி, நாற்காலிப் பயிற்சியை விட்டு, படுத்துக் காலைத் தூக்குவதை மட்டும் தொடர வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். வலி பழைய அளவுக்கு வந்ததும், விட்ட இடத்தில் அல்லாமல் அதற்கு ஒரு வாரம் முந்தைய அளவில் தொடங்க வேண்டும். ஒரு மாத ஓய்வு எடுத்தால் சேர்த்த தசை கரைந்து, திரும்ப வரும்போது அதே நடை இன்னும் கடுமையாகத் தெரியும்.

பத்தாம் வாரத்தில் தலையணை இல்லாத நாற்காலி, பத்து நிமிட நடை மூன்று முறை, எடை 87 கிலோவை ஒட்டி. இருபதாம் வாரத்தில் 85 அல்லது 86. படி இறங்கும் வலி 6-லிருந்து 4-க்கு வந்திருந்தால் அது எதிர்பார்க்கக்கூடிய நல்ல பலன். பூஜ்யத்தை எதிர்பார்த்து 4-ஐத் தோல்வி என்று நினைக்க வேண்டாம், 81 கிலோ வரை இன்னும் வழி இருக்கிறது.

எடை 5 சதவீதம் குறைந்து, பயிற்சியும் ஒழுங்காக நடந்து, வலி ஓர் இம்மியும் அசையவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கலாம். இடுப்பு மூட்டுத் தேய்மானம் பலருக்கு முழங்காலில் வலியாகத் தெரியும். உட்கார்ந்தபடி ஒரு காலை மறுகாலின் மேல் போட்டு சாக்ஸ் மாட்டுவது கடினமாக இருந்து, தொடை இடுக்கிலும் வலித்தால் இடுப்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முழங்கால் வெளிப்பக்கமோ உள்பக்கமோ நன்றாக வளைந்துவிட்டவர்களுக்கும், இரவில் தூங்கவிடாத வலி உள்ளவர்களுக்கும் எலும்பு மூட்டு மருத்துவரிடம் அறுவை சிகிச்சை பற்றிப் பேசும் நேரம் வந்திருக்கலாம். அங்கே போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். எடை, படி இறங்கும் வலி, நாற்காலி எண்ணிக்கை மூன்றும் 20 வாரத்துக்கு எழுதியிருந்தால், "முதலில் எடையைக் குறைத்துப் பாருங்கள்" என்ற பேச்சுக்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.